முன்னால் போன கார் திடீரென நின்றது: கோவை விபத்து ஒன்றில் பொறுப்பு பிரிந்த விதம்

"பின்னாடி வந்து இடிச்சவன்தான் பொறுப்பு" என்பது நம் சாலைகளில் எழுதாத சட்டம் மாதிரி. இரண்டு வண்டி உரசி நின்றதும் கூடும் கூட்டம் முதலில் பார்ப்பது எந்த வண்டியின் முகப்பு நசுங்கியிருக்கிறது என்பதைத்தான். போலீஸும், காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கமும் அல்ல. ஆனால் அந்தத் தொடக்கத்தையே முடிவாக வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2017-இல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்து நல்ல சான்று. அது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படி ஏறியது. மூன்று இடத்திலும் மூன்று விதமாகப் பொறுப்பு பிரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

## நடந்தது

2017 ஜனவரி 7. இருபது வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர் நெடுஞ்சாலையில் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு பேருந்து. முன்னால் போன கார் திடீரென்று நின்றது. பைக் அதன் பின்பக்கத்தில் மோதியது. மாணவர் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவர் மேல் ஏறியது. அவருடைய இடது காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இதில் இரண்டு மோதல்கள் இருக்கின்றன என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மோதலில் பைக்தான் பின்னால் வந்த வண்டி. இரண்டாவதில் பேருந்துதான் பின்னால் வந்த வண்டி. "பின்னால் வந்தவரே பொறுப்பு" என்பதை அப்படியே இரண்டுக்கும் வைத்தால், மாணவருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் மட்டும் பொறுப்பு போய்ச் சேரும். கார் தப்பிவிடும். முதல் கட்டத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

## பின்னால் வருபவரை முதலில் கேட்பது ஏன்

விபத்து நடந்த அன்று நடப்பில் இருந்தவை 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள். அதில் 23-ஆம் விதி, பின்னால் வரும் வண்டி முன்னால் போகும் வண்டியிலிருந்து போதிய இடைவெளி விட வேண்டும் என்கிறது. போதிய என்றால் எவ்வளவு? முன்னால் போகும் வண்டி திடீரென வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமல் இருக்கும் அளவு. "திடீரென" என்பது விதியிலேயே இருக்கிறது. அதனால் "அவர் திடீர்னு பிரேக் போட்டார் சார்" என்று சொல்வது மட்டும் பின்னால் வந்தவரைக் காப்பாற்றாது. அந்தத் திடீருக்குத்தான் இடைவெளியே விடச் சொல்லியிருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டு, புரிந்து, பிரேக்கை அழுத்த ஒரு நொடியிலிருந்து ஒன்றரை நொடி வரை ஆகும். அதற்குள் 17 முதல் 25 மீட்டர் போய்விடும். இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் போய், ஒரே அளவு பிரேக் பிடித்தால்கூட, இவ்வளவு இடைவெளி இருந்தால்தான் மோதல் தவிரும். இந்த இடைவெளியைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் பின்னால் வருபவரின் கையில்தான் இருக்கிறது. முன்னால் போகிறவர் சாலையைப் பார்ப்பாரா, கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் வருகிறவருக்கு இடம் விட்டுக்கொண்டே போவாரா? அதனால்தான் முதல் கேள்வி பின்னால் வந்தவரை நோக்கிப் போகிறது.

உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்த்த இன்னொரு வழக்கில் இந்தக் கணக்கு முழு வலிமையோடு வேலை செய்தது. லாரிக்குப் பின்னால் போன கார் அதில் மோதியிருந்தது. இடைவெளி 10 முதல் 15 அடி என்று சாட்சியத்தில் வந்தது. 15 அடி என்பது நாலரை மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க கால் நொடிதான் ஆகும், கண்ணில் படுவதற்கே அது போதாது. நீதிமன்றம் 23-ஆம் விதியைச் சொல்லி, கார் ஓட்டியவர்மீதே பொறுப்பை உறுதி செய்தது. அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் 23-க்கு அடுத்து 24-ஆம் விதி இருக்கிறது. பாதுகாப்புக் காரணத்துக்காகத் தேவைப்பட்டால் ஒழிய, எந்த ஓட்டுநரும் சடாரென்று பிரேக் பிடிக்கக் கூடாது என்கிறது அது. இது முன்னால் போகிறவருக்கான கடமை. இந்த இரண்டு விதிகளில் ஒன்று இன்னொன்றுக்கு விலக்கு அல்ல. ஒரே விபத்தில் இரண்டுமே மீறப்பட்டிருக்கலாம். கோவை வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

## கார் ஓட்டுநர் சொன்ன காரணம்

பின்னால் வந்தவர் மேல் விழும் அனுமானத்தை உடைக்க, பொதுவாக வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டியிருக்கும். இந்த வழக்கில் கார் ஓட்டுநரே காரணத்தைச் சொல்லிவிட்டார். கர்ப்பிணியான மனைவிக்கு வாந்தி வரும்போல் இருந்தது, அதனால் நிறுத்தினேன் என்றார்.

மனிதராக யோசித்தால் இது பொய்யான காரணமோ அற்பமான காரணமோ அல்ல. பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி ஆனால் யாரும் பதறத்தான் செய்வார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, நிறுத்தக் காரணம் இருந்ததா என்பது அல்ல. நெடுஞ்சாலையின் நடுவில், பின்னால் வருகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல், அந்த நொடியே நிறுத்தக் காரணம் இருந்ததா என்பதுதான். குழந்தை ஒன்று குறுக்கே ஓடினால் யோசிக்க நேரமே இல்லை. காரை அங்கேயே நிறுத்தித்தான் ஆக வேண்டும். வாந்தி வரும்போல் இருந்தால் இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்க ஐந்து பத்து நொடி கிடைக்கும். 24-ஆம் விதி "பாதுகாப்புக் காரணம்" என்று சொல்வதை இந்த நேர வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

பல வழக்குகள் இந்த இடத்தில்தான் கோட்டை விடப்படுகின்றன. முன்னால் போனவரைக் கூண்டில் ஏற்றி "திடீரென நிறுத்தினீர்களா?" என்று மட்டும் கேட்டு விடுகிறார்கள். ஏன் நிறுத்தினார், எந்த இடத்தில் நிறுத்தினார், ஓரமாகப் போக இடம் இருந்ததா, விளக்குப் போட்டாரா என்று தொடர்ந்து கேட்டால்தான் 24-ஆம் விதிக்குள் வர முடியும்.

## மூன்று முடிவுகள்

தீர்ப்பாயம் காருக்குப் பொறுப்பே இல்லை என்றது. பேருந்துக்கு 80 சதவீதம், மாணவருக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. இழப்பீட்டை 91,62,066 ரூபாய் என்று கணக்கிட்டு, மாணவரின் 20 சதவீதத்தைக் கழித்து 73,29,653 ரூபாய் தரச் சொன்னது.

மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் காரை உள்ளே கொண்டுவந்தது. காருக்கு 40, பேருந்துக்கு 30, மாணவருக்கு 30. திடீரென நிறுத்தியதற்குப் பொறுப்பு உண்டு என்று ஏற்றதில் இது முன்னேற்றம். ஆனால் மாணவரின் பங்கும் 20-லிருந்து 30-க்கு ஏறியது. இழப்பீட்டுத் தொகையும் குறைக்கப்பட்டதால், கையில் வருவது 58,53,447 ரூபாயாக இறங்கியது.

2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாக வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். அங்கே வண்டியை நிறுத்த நினைப்பவர், பின்னால் வருகிற வண்டிகளுக்கு எச்சரிக்கையோ சைகையோ கொடுக்கப் பொறுப்புள்ளவர் என்றது. கார் ஓட்டுநர் சொன்ன காரணம் எந்தக் கோணத்திலும் ஏற்கத் தக்கது அல்ல என்றது. விபத்தின் மூல காரணமே கார் திடீரென நின்றதுதான் என்று கண்டது. காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என்று பிரித்தது.

மாணவரை முழுக்க விடுவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போதிய இடைவெளி விடவில்லை, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்ற இரண்டையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அனுமானம் தலைகீழாகத் திரும்பவில்லை, உடைந்து பங்காகியது. பின்னால் வந்தவர் இன்னமும் பதில் சொல்கிறார், ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும்.

மொத்த இழப்பீடு 1,14,24,066 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டு, 20 சதவீதம் போக 91,39,253 ரூபாயை இரண்டு வண்டிகளின் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று உத்தரவானது. மொத்த இழப்பீட்டில் ஒவ்வொரு பத்து சதவீதமும் பதினோரு லட்சத்துக்கு மேல். காலை இழந்த ஓர் இளைஞனுக்கு, தரமான செயற்கைக் கால் வாங்குவதா, மருத்துவக் கடனை அடைப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கும் இரண்டையும் செய்ய முடிகிற நிலைக்கும் நடுவே அந்தப் பத்து சதவீதம் நிற்கலாம்.

## பேருந்தின் பங்கு

பேருந்துக்கு 80 என்று தொடங்கியது 30-இல் நின்றது. இது ஏன் நியாயமாகப் படுகிறது என்று என் கணக்கைச் சொல்கிறேன். இது தீர்ப்பில் இருப்பது அல்ல.

மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு, முன்னால் போகிற வண்டியும் பிரேக் பிடித்துத்தான் நிற்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. பிரேக் பிடித்து நிற்கும் வண்டி நிற்பதற்கு முன் இன்னும் சில மீட்டர் முன்னே நகரும். அந்த மீட்டர்கள் பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் சலுகை. ஆனால் முன்னால் போன பைக் ஒரு காரில் மோதி நின்றால் அந்தச் சலுகை கிடையாது. அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும், ஓட்டியவர் பாதையில் கிடப்பார். அப்போது பேருந்துக்கு வேண்டியது முழுதாக நிற்பதற்கான தூரம். 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், எதிர்வினைக்கு 20 மீட்டர் சொச்சம், பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20 மீட்டர், ஆக 40 மீட்டருக்கு மேல். சாதாரணமாக இடைவெளி விட்டு ஓட்டுகிற பேருந்து ஓட்டுநர்கூட இவ்வளவு விட்டிருக்க மாட்டார்.

அதற்காகப் பேருந்துக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. பைக்குக்குப் பின்னால் பேருந்து ஓட்டுபவர், பைக்கில் போகிறவர் விழக்கூடியவர் என்பதை மனதில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 30 என்ற எண்ணை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதே கணக்கு பைக்குக்கும் பொருந்தும், வேறு விதத்தில். கார் நான்கு சக்கரத்தில் பிடித்து நிற்கிறது. பைக்கில் முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், அதனால் ஓட்டுபவர் அளந்து அளந்துதான் பிடிக்க முடியும். 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பது 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கு வந்தது, அடுத்த ஆண்டு எல்லாவற்றுக்கும் வந்தது. 2017-இல் சாலையில் ஓடிய பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. காருக்குப் பின்னால் போகும் பைக்குக்கு, இன்னொரு காருக்கு வேண்டியதைவிட அதிக இடைவெளி வேண்டும். மாணவர் மேல் 20 சதவீதம் வைத்ததை இந்தக் காரணத்தால் நான் குறை சொல்லவில்லை.

உரிமம் இல்லை என்பதை அலட்சியத்தோடு சேர்த்ததுதான் எனக்கு நெருடுகிறது. உரிமம் இல்லாமல் ஓட்டியது தண்டனைக்குரியது, சந்தேகம் இல்லை. ஆனால் உரிமம் இல்லை என்பதாலேயே விபத்தில் ஒருவருக்குப் பங்கு உண்டு என்று ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றமே 2008-இல் ஒரு சிறுவனின் வழக்கில் சொல்லியிருக்கிறது. உரிமம் இருந்திருந்தால் மட்டும் அன்று இடைவெளி கூடியிருக்குமா? இடைவெளி ஒன்றை வைத்தே இந்த 20-ஐ விளக்க முடியும்.

## அனுமானம் முழுதாக விழும் இடம்

கோவை வழக்கில் அது பங்காகியது. முழுதாக விழும் வழக்குகளும் உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒன்று: இரவு, சாலையின் நடுவே ஒரு கேஸ் டேங்கர் பார்க்கிங் விளக்கு எதுவும் இல்லாமல் நின்றிருந்தது. எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சம் கண்ணைக் கூச, பின்னால் வந்த கார் அதில் மோதியது. கார் ஓட்டியவருக்கும் பாதிப் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, முழுப் பொறுப்பையும் டேங்கர்மீது வைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புலப்படும். கோவையில் கார் ஓடிக்கொண்டிருந்த வண்டி, மாணவரின் கண்ணுக்கு முன்னால் இருந்தது, இடைவெளி விட வாய்ப்பும் இருந்தது. டேங்கர் வழக்கில் "முன்னால் போகும் வண்டி" என்று ஒன்று பின்னால் வந்தவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. இல்லாத வண்டிக்கு எப்படி இடைவெளி விடுவது? பக்கத்துத் தடத்திலிருந்து சடாரென்று குறுக்கே நுழைந்து உடனே பிரேக் பிடிக்கும் வண்டியும் இந்த வகைதான். நாம் விட்டிருந்த இடைவெளியை அதுவே தின்றுவிடுகிறது, திரும்ப உண்டாக்க நமக்கு நேரம் கொடுப்பதில்லை. அதுவே நுழைந்து அரை நிமிடம் நமக்கு முன்னால் ஓடிவிட்டால், இடைவெளியை மீட்கும் பொறுப்பு மறுபடி நம்மிடம் வந்துவிடும்.

## அடுத்த முறை வேறு மாதிரி செய்ய வேண்டியவை

கோவை மாணவர் பணத்துக்காகக் காத்திருந்தது எட்டரை ஆண்டு. முதல் கட்டத்திலேயே காரைப் பற்றிய கேள்விகள் முழுதாகக் கேட்கப்பட்டு, பதிவாகியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இழப்பீடு கேட்பவர் தரப்பில் முதல் வேலை, மோதிய வண்டியோடு நிறுத்தாமல், முன்னால் நின்ற வண்டியின் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது. இந்த வழக்கில் அவர்கள் எதிர்மனுதாரராக இருந்ததால்தான் 50 சதவீதத்தை அந்தப் பக்கம் வைக்க முடிந்தது. மனுவில் "கார் நின்றது, மோதினேன்" என்று எழுதக் கூடாது. எந்தத் தடத்தில் நின்றது, ஓரத்தில் இடம் இருந்தும் ஏன் ஒதுங்கவில்லை, சைகை இருந்ததா இல்லையா என்று எழுத வேண்டும்.

காவல்துறை சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் சாதாரணமாக மோதல் நடந்த புள்ளியை மட்டும் குறிக்கும். முன்னால் நின்ற வண்டி சாலை ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது, பக்கத்தில் மண் ஓரம் இருந்ததா என்ற அளவு அதில் ஏற வேண்டும். ஒருவர் ஒதுங்கியிருக்க முடியுமா என்பதற்கு அந்த ஒரு அளவுதான் பல சமயம் சாட்சி. வண்டிகள் நகர்த்தப்படும் முன் கைபேசியில் நாலு படம், சாலையின் இரு ஓரமும் தெரிகிற மாதிரி, எடுத்து வைப்பது நல்லது.

மோட்டார் வாகன ஆய்வாளரின் சோதனையில் முன்னால் நின்ற வண்டியின் பிரேக் விளக்கைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய இழை பல்பாக இருந்தால் ஒரு தடயம் கிடைக்கும்: எரிந்துகொண்டிருக்கும்போது பலமாக அடி வாங்கினால் சூட்டில் இளகிய இழை நீண்டு வளைந்துவிடும், அணைந்திருந்தால் அப்படி வளையாது. எல்இடி விளக்கில் இந்தத் தடயம் கிடையாது. அங்கே டேஷ்கேம் இருந்தால் உண்டு, பக்கத்துக் கடைக் கேமரா இருந்தால் உண்டு. அந்தப் பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் முதல் வாரத்திலேயே எழுத்து மூலம் கேட்டு வைக்க வேண்டும்.

1989 விதிகளின் இடத்தில் 2017-ஆம் ஆண்டு வாகன ஓட்டுதல் விதிமுறைகள் வந்துவிட்டன. இடைவெளி விட வேண்டும் என்ற கடமையும், தக்க காரணமில்லாமல் சடாரென்று பிரேக் பிடிக்கக் கூடாது என்ற கடமையும் அதிலும் இருக்கின்றன. இன்று நடக்கும் விபத்துக்கு மனு எழுதுபவர் பழைய 23, 24 என்ற எண்களைப் பழக்கத்தில் போட்டுவிடாமல், புதிய விதிமுறையின் பிரிவைப் பார்த்து எழுதுவது நல்லது.